வரைபடம் நிராகரிப்பு: ஆணையரிடம் காரணம் கேட்டு எழுதும்போது செய்யக்கூடாத தவறுகள்

நகராட்சியிலிருந்து திரும்பி வரும் கட்டட வரைபடத்தோடு பல நேரம் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "விதிகளுக்கு உட்படாததால் நிராகரிக்கப்படுகிறது." எந்த விதி, எத்தனை அடி குறைவு என்று எதுவும் இருக்காது. உரிமையாளர் அன்றே உட்கார்ந்து ஆணையருக்குக் கடிதம் எழுதிவிடுவார். வரைபடம் போடும் தொழிலில் இருப்பதால் அப்படிப்பட்ட கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை கடிதமாக இல்லாமல் மனுவாக இருக்கும். வங்கிக் கடன், வாடகை, பெண்ணின் கல்யாணம் எல்லாம் இரண்டு பக்கம் எழுதி, கடைசியில் "கருணை கூர்ந்து அனுமதி வழங்குமாறு" என்று முடிப்பார்கள். அனுமதி கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் எழுதி முடித்துவிடலாம். காரணத்தை மட்டும் கேட்டால் அப்படி நழுவ முடியாது. ஒரு கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

சென்ற ஆண்டு ஒருவர் 30க்கு 40 அடி மனைக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டார். அலுவலகத்தில் வாய்வார்த்தையாக "மாடி அதிகம் சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி, மாடியில் ஒரு அறையைக் குறைத்துப் புது வரைபடம் போடச் சொன்னார். எழுத்தில் வரட்டும் என்று நிறுத்தினேன். வாய்வார்த்தையை வைத்து வரைபடத்தைத் திருத்துவதுதான் இதில் பணத்தைக் கரைக்கும் தவறு. நாங்கள் அனுப்பிய கடிதத்தின் நடுப்பகுதி இவ்வளவுதான்:

"பொருள்: கட்டட வரைபட விண்ணப்பம் நிராகரிப்பு – காரணங்களை எழுத்துப்பூர்வமாக வழங்கக் கோருதல்.
பார்வை: தங்கள் கடிதம் ந.க.எண் …, நாள் ….
பார்வையில் கண்ட கடிதத்தில் மீறப்பட்டதாகக் கருதப்படும் விதி எது, வரைபடத்தில் எந்த அளவு பொருந்தவில்லை, தலத்தில் அளக்கப்பட்ட அளவு என்ன என்ற விவரம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(டி)-இன்படி, பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் இக்காரணங்களைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அந்தப் பிரிவு, நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைத் தர வேண்டிய கடமையை அலுவலகத்தின் மேல் வைக்கிறது. நிராகரிப்புக் கடிதத்தின் எண்ணும் நாளும் பார்வையில் இல்லாவிட்டால் கடிதம் எந்தக் கோப்பிலும் சேராமல் தபால் பிரிவிலேயே கிடக்கும்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமை மனு போடலாம். இங்கே பலர் "ஏன் நிராகரித்தீர்கள்?" என்றே கேட்கிறார்கள். பொதுத் தகவல் அலுவலர் கையில் உள்ள ஆவணத்தைத் தரக் கடமைப்பட்டவர். ஆவணத்தில் இல்லாத விளக்கத்தை உருவாக்கித் தர வேண்டியதில்லை. அதனால் நகலாகக் கேளுங்கள்: தல ஆய்வு அறிக்கை, நகரமைப்புப் பிரிவின் கோப்புக் குறிப்புகள், நிராகரிப்புக்கு ஒப்புதல் தந்த பக்கம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

எங்களுக்குக் கிடைத்த ஆய்வு அறிக்கையில் மாடி பற்றி ஒரு சொல்கூட இல்லை. பத்திரத்தில் 30 அடி அகலம் உள்ள மனை, தலத்தில் அளந்தபோது 29 அடிதான். பக்கத்து மதில் ஒரு அடி உள்ளே வந்திருந்தது. வரைபடத்தில் மூன்றரை அடியாகக் காட்டிய பக்க இடைவெளி நேரில் இரண்டரை அடி. மாடி அறையைக் குறைத்திருந்தால் அதுவும் நிராகரிக்கப்பட்டிருக்கும். வீட்டுச் சுவரை ஒரு அடி உள்ளே தள்ளிப் புது வரைபடம் போட்டோம், அனுமதி கிடைத்தது. அந்த ஒரு அடி பக்கத்து வீட்டுக்காரரோடு தனியாகத் தீர்க்க வேண்டிய எல்லைப் பிரச்சினை.

காரணம் எழுத்தில் இருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம், சட்டபூர்வ அதிகாரி ஒருவரின் உத்தரவு அதில் சொல்லப்பட்ட காரணத்தாலேயே எடைபோடப்பட வேண்டும், பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்க முடியாது என்றது. நீதிமன்றம் வரை போனால், முதலில் வந்த நிராகரிப்புக் கடிதத்தில் என்ன இருந்தது என்பதுதான் அங்கே பேசும். அந்த மூலப் பிரதியைப் பத்திரமாக வையுங்கள்.

கடிதத்தைக் கையில் கொடுத்தால் இரண்டாம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள். காரணம் கேட்டுக் காத்திருப்பதால் நிராகரிப்பு உத்தரவின் மீதான மேல்முறையீட்டுக் காலக்கெடு தானாக நின்றுவிடும் என்று நம்பிவிடாதீர்கள். உத்தரவு கையில் கிடைத்த நாளைக் காலண்டரில் குறித்து, பதில் வராவிட்டாலும் கெடு முடியும் முன்பே மேல்முறையீட்டைப் பதிவு செய்துவிடுங்கள். காரணம் தரப்படவில்லை என்பதையே அதில் முதல் வாதமாக வைக்கலாம்.