‘இன் போக்கா அல் லூப்போ’ என்று வாழ்த்தினால் என்ன பதில் சொல்வது?

இத்தாலியில் நாளைக்குத் தேர்வு என்று சொன்னால் நண்பர்கள் ‘இன் போக்கா அல் லூப்போ’ என்பார்கள். ‘ஓநாயின் வாய்க்குள்’ என்று அர்த்தம். பதிலுக்கு ‘க்ரேபி’ என்று சொல்ல வேண்டும்: ‘ஓநாய் சாகட்டும்’.

1. இடம் பார்த்துச் சொல்லுங்கள். முடிவு தெரியாத காரியத்துக்குத்தான் இது. தேர்வு, நேர்முகம், பந்தயம் எல்லாம் சரி. பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் ‘ஔகூரி’தான்.

2. உச்சரிப்பு. ‘போக்கா’வில் க் நன்றாக அழுந்தட்டும். ‘க்ரேபி’யில் வரும் பி, ‘பின்னல்’ என்பதில் வரும் பி. தமிழ்ப் பழக்கத்தில் ‘கோபி’ மாதிரி ஒலித்துவிடும், கவனம். கேட்டுப் பழக, கணினிக் குரலைவிட இத்தாலியர்களே பேசிப் பதிவு செய்திருக்கும் ஃபோர்வோ தளம் எவ்வளவோ மேல்.

3. நன்றி சொல்லாதீர்கள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். வாழ்த்தினால் ‘க்ராட்ஸியே’ என்று வாய் தானாக நன்றி சொல்லிவிடும். உடனே எதிரே இருப்பவர், ‘நன்றி சொல்லக் கூடாது!’ என்று பதறுவார். இது வேட்டைக்காரர்களிடையே பிறந்த வாழ்த்து என்பதுதான் இத்தாலிய மொழிக் கழகமான அக்காதேமியா தெல்லா க்ரூஸ்கா தரும் விளக்கம். நல்லதை நேராகச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று பயந்து, நேரக்கூடிய மிகப் பெரிய கேட்டையே வாயால் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கேட்டைத் தீர்த்துக்கட்டுவது பதில் சொல்பவரின் வேலை. நன்றி சொன்னால் ஓநாய் உயிரோடு இருக்கிறது, நீங்களும் அதன் வாயிலேயே இருக்கிறீர்கள்.

போலோன்யாவில் வாய்மொழித் தேர்வுக்குப் போகும் தோழிக்கு அனுப்பும் செய்தியும் அவள் பதிலும் இப்படி இருக்கும்:

```
In bocca al lupo per l'esame!
Crepi! Ti chiamo dopo.
```

பதிலில் வரும் ‘அப்புறம் கூப்பிடுகிறேன்’ என்ற இரண்டாவது வாக்கியத்திலேயே அன்பு வந்துவிடுகிறது. தனியாக நன்றி தேவையில்லை.

4. ‘விவா இல் லூப்போ’ என்று பதில் வந்தால் திகைக்க வேண்டாம், ‘ஓநாய் வாழ்க’ என்று பொருள். 1970களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஏறக்குறைய நூறு ஓநாய்களே மிஞ்சியிருந்தன. 1971இல் அவற்றை வேட்டையாடத் தடை வந்தது. இன்று விலங்குகள்மேல் அன்புள்ள பலர் அதைச் சாகச் சொல்ல விரும்புவதில்லை. தாய் ஓநாய் குட்டியை வாயில் கவ்விக் காப்பாற்றுவதிலிருந்தே வாழ்த்து பிறந்தது என்றும் சொல்வார்கள். அழகான கதைதான், ஆனால் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட விளக்கம். நான் ‘க்ரேபி’ பக்கம். ஓநாய் ஆர்வலரிடம் மட்டும் ‘விவா’ சொல்வேன்.

பின்சேர்க்கை: ‘இன் கூலோ அல்லா பலேனா’ பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அதுவும் வாழ்த்துதான், ஆனால் திமிங்கிலத்தின் பின்புறத்தைச் சொல்லும் கொச்சைப் பேச்சு. நெருங்கிய நண்பர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பேராசிரியரிடம் வேண்டாம். நாடக மேடைக்குப் போகிறவரிடம் ‘மெர்தா’ என்பார்கள். மலத்தைக் குறிக்கும் சொல் என்றாலும் அங்கே அதுதான் மரபு.