'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள்: ஸ்பானிய உரையாடலைத் தமிழாக்குவோர் செய்யும் தவறுகள்

அகராதிப்படி இந்தக் கணக்கு சரிதான். உரையாடலில்தான் பிசகும். ஸ்பெயினில் இன்று மகள் அம்மா, அப்பா இருவரிடமும் 'தூ' போட்டுத்தான் பேசுவாள். சாப்பிட்டாச்சா என்று அவள் கேட்பதை, அம்மாவிடம் "சாப்ட்டியாம்மா?" என்று எழுதலாம். அப்பாவிடமும் அதையே எழுதினால், நம் வீடுகள் பலவற்றில் அவள் துடுக்குக்காரி ஆகிவிடுவாள். அங்கே "சாப்ட்டீங்களாப்பா?" என்பதே பொருத்தம். மாறாக, கொலம்பியாவின் பொகோட்டாவில் கணவன் மனைவியும் நெருங்கிய நண்பர்களும்கூட 'உஸ்தெத்' சொல்லிக்கொள்வதுண்டு. அதை அப்படியே நீங்கள் ஆக்கினால், இல்லாத விலகல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த பிசகு, எழுவாய் இல்லாத வாக்கியத்தில் வரும். "தியேனே ஆம்ப்ரே?" என்றால் "உங்களுக்குப் பசிக்கிறதா?" என்றும் கொள்ளலாம், "அவருக்குப் பசிக்கிறதா?" என்றும் கொள்ளலாம், இரண்டுக்கும் வினை ஒன்றே. "சு காசா" என்பதும் அப்படித்தான், உங்கள் வீடோ அவருடைய வீடோ. அறையில் யார் யார் இருக்கிறார்கள், பதில் யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்காமல் எழுதக் கூடாது.

மிகவும் கவனம் வேண்டியது, உறவு மாறும் இடம். அலுவலகத்தில் இளைஞன் ஒருவனும் அவனைவிடப் பதினைந்து வயது மூத்த மேலாளரும் ஒருவரையொருவர் 'உஸ்தெத்' என்கிறார்கள். ஒருநாள் அந்தப் பெண்மணி "தூதேயாமே" என்கிறார். 'இனி என்னைத் தூ என்றே சொல்' என்று பொருள். தமிழில் அவன் நீ என்று கூப்பிட முடியாது. எனவே மாற்றத்தை விளிச்சொல்லில் காட்ட வேண்டும்: "மேடம் எல்லாம் வேண்டாம், அக்கான்னே கூப்பிடு." அதுவரை அவனை நீங்க என்றவர் அந்த வரியிலிருந்து நீ என்பார், அவன் நீங்க-வை விடாமல் அக்காவுக்கு மாறுவான். முதல் காட்சியிலேயே அவர் அவனை நீ என்று அழைப்பதாக எழுதியிருந்தால், இந்த வரிக்கு வேலையே இருக்காது. அதனால் மொழிபெயர்க்கத் தொடங்குமுன், யார் யாரை எப்படி விளிக்கிறார், எந்தப் பக்கத்தில் மாறுகிறார் என்று இரு திசைக்கும் தனித்தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தவர்களுக்கு இன்னொரு பழக்கம் குறுக்கே வரும். மலையாளத்தில் பெரியவரிடம் 'நிங்ஙள்' என்றால் மரியாதைக் குறைவாகப் படும். சாரே, சேட்டா என்று விளித்தே பேச்சை முடிப்பார்கள். அந்தக் காதோடு எழுதினால் நீங்கள் என்ற சொல்லே உரையாடலில் அருகிப்போகும். தமிழில் அதைத் தாராளமாகப் போடலாம். நாகர்கோவில் பக்கத்து 'நீரு' நல்ல நடுவழி. இரண்டு முதிய நண்பர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் மற்ற பாத்திரங்களும் அதே வட்டார வழக்கில் பேசினால்தான் அது ஒட்டும்.

அந்த அலுவலக இருவரும் பிறகு சண்டை போட்டு 'உஸ்தெத்'துக்குத் திரும்பினால், அவன் வாயில் மறுபடி மேடம் வர வேண்டும், அவர் வாயில் நீங்க வர வேண்டும்.