வயலினில் வைப்ரேட்டோ: இறுகாத இடக்கையிலிருந்து சீரான அசைவு வரை

வைப்ரேட்டோவில் விரல் சுருதியைச் சற்றே கீழே இறக்கி, மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டுவருகிறது. மேலே தாண்டினால் ஸ்வரம் கூர்ந்து ஒலிக்கும். ஆகவே அசைவு வயலினின் சுருள் முனையை நோக்கிப் போய்த் திரும்ப வேண்டும், குதிரையை நோக்கி அல்ல. இங்கே சொல்வது தாடையில் பிடித்து வாசிக்கும் மேற்கத்திய முறைக்கு. கர்நாடக முறையில் அமர்ந்து கமகம் வாசிக்கும் கைக்கு வேலையே வேறு.

பெரும்பாலும் முதல் தடை வேகம் அல்ல, தேவைக்கு மேல் அழுத்தும் விரல். எவ்வளவு அழுத்தம் போதும் என்பதைத் தந்தியே காட்டும்.

முதல் படி: அழுத்தத்தை அளப்பது

மூன்றாம் பொசிஷனில், ஏ தந்தியில் இரண்டாம் விரலை ஈ ஸ்வரத்தில் வையுங்கள். பக்கத்துத் திறந்த ஈ தந்தியோடு ஒப்பிட்டு இடத்தைச் சரிசெய்யலாம். இப்போது விரலை அழுத்தாமல் தந்தியைத் தொட்டபடி மட்டும் வில்லை இழுங்கள். அந்த இடம் தந்தியின் மூன்றில் ஒரு பங்கு என்பதால், புல்லாங்குழல் போன்ற மெல்லிய ஒலி ஓர் எட்டு ஸ்வரம் மேலே கேட்கும். வில்லை நிறுத்தாமல் விரலின் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இடையில் கரகரக்கும், பிறகு ஈ தெளிவாக ஒலிக்கும். அந்தத் தெளிவு வந்த கணத்தில் நிறுத்துங்கள். வைப்ரேட்டோவுக்கு அவ்வளவு அழுத்தம் போதும். பலருக்கு அது நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும்.

இரண்டாம் படி: விரலைச் சாய்த்து நிமிர்த்துவது

வில்லைக் கீழே வைத்துவிடுங்கள். அதே ஈயில் உள்ளங்கையின் அடிப்பகுதி வயலினின் உடலைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும், இந்த முட்டுக்காகத்தான் மூன்றாம் பொசிஷன். முன்கை அசையாமல் இருக்க, மணிக்கட்டிலிருந்து கை மட்டும் சுருள் முனையை நோக்கிச் சாய வேண்டும். சாயும்போது நகத்துக்கு அருகிலுள்ள மூட்டு விரிந்து, விரல் சற்றுத் தட்டையாகிறது. திரும்பும்போது மூட்டு மடிந்து, விரல் மறுபடி நுனியில் நிற்கிறது. நுனி தந்தியில் உருள வேண்டும், வழுக்கக் கூடாது. அந்த மூட்டு விரியவே மறுத்தால் அழுத்தம் மிகுந்துவிட்டது, முதல் படிக்குத் திரும்புங்கள்.

ஆட்காட்டி விரலின் அடியும் கட்டைவிரலும் சேர்ந்து வயலினின் கழுத்தைக் கவ்வினால் கை அசைய இடமே இருக்காது. ஆட்காட்டி விரலின் அடிக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகுங்கள். அது தடையின்றி நழுவி விழ வேண்டும். கட்டைவிரலைச் சோதிக்க, கை ஆடும்போதே அதைக் கழுத்தில் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்ட முடியவில்லை என்றால் அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் படி: துடிப்பை எண்ணுவது

இப்போது வில் வேண்டும். மெட்ரோநோமை 60இல் வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு வில் இழுங்கள். முதல் வில்லில் தட்டுக்கு ஒரே அசைவு: கை சாய்ந்து, அடுத்த தட்டு விழும்போது சரியான சுருதியில் வந்து நிற்க வேண்டும். அடுத்து தட்டுக்கு இரண்டு, மூன்று, நான்கு. மெதுவான அசைவு அம்புலன்ஸ் சைரன்போல அசிங்கமாகத்தான் கேட்கும், கேட்கட்டும். அந்த அகலமான ஏற்ற இறக்கத்தில்தான் ஒழுங்கின்மை காதுக்குப் பிடிபடும். கைபேசி ட்யூனரும் உதவும்: முள் இடப்பக்கம் போய் நடுவுக்குத் திரும்ப வேண்டும், நடுவைத் தாண்டி வலப்பக்கம் ஓடக் கூடாது.

60இல் தட்டுக்கு நான்கு என்பது நொடிக்கு 4 அசைவு. கச்சேரியில் நாம் கேட்பது ஏறத்தாழ 5 முதல் 7 வரை. எனவே தட்டுக்கு நான்கை மாற்றாமல் மெட்ரோநோமை 66, 72, 80 என்று ஏற்றுங்கள். 80இல் நொடிக்கு ஐந்தைத் தாண்டிவிடுவீர்கள். வேகம் கூடக்கூட அசைவின் அகலம் தானாகவே குறையும், நீங்கள் குறைக்க வேண்டியதில்லை.

முன்கையை இறுக்கி நடுங்க வைத்தால் வேகம் உடனே கிடைத்துவிடும் என்பதுதான் இதில் உள்ள பொறி. அந்த நடுக்கத்தை மெதுவாக்க முடியாது, நினைத்த நேரத்தில் நிறுத்தவும் முடியாது. வில்லும் சேர்ந்து நடுங்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், கட்டைவிரலின் அடிச்சதை வலித்தாலும் நிறுத்திக் கையை உதறிவிட்டு, இரண்டு படி குறைந்த வேகத்துக்கு இறங்குங்கள்.

பிறகு முட்டு இல்லாமல்

80இல் சீராக வந்தபின், உள்ளங்கையை வயலினின் உடலிலிருந்து சற்று விலக்கி அதே ஈயை வாசியுங்கள். அதன் பிறகே முதல் பொசிஷன். விரல்களில் மூன்றாவது சுலபம், அடுத்து அதை எடுங்கள். முதல் விரலில் அதன் அடிப்பகுதி கழுத்தில் ஒட்டிக்கொள்ளும், காகிதச் சோதனை அங்கே மறுபடி தேவைப்படும். நான்காவது விரலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

இனி இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்துப் பாருங்கள். பலருக்கு விரல் மாறும் அந்த இடத்தில் அசைவு நின்று, புது ஸ்வரம் தட்டையாகத் தொடங்கிப் பிறகுதான் ஆடும். அடுத்த விரல் விழும்போதே கை ஆடிக்கொண்டிருந்தால் இடைவெளி மறையும். 60இல், தட்டுக்கு இரண்டு அசைவில் இதைத் தொடங்குங்கள்.