கூரைக்கு ராக்வூல் எவ்வளவு வாங்குவது?

தகரக் கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பாக ராக்வூல் என்ற பாறை இழைப் பஞ்சைப் போட நினைக்கும் பலர், முக்கோண இடத்தின் கன அளவைக் கண்டுபிடித்து அதையே கடையில் சொல்லிவிடுகிறார்கள். உதாரணமாக, அகலம் 4 மீட்டர், நீளம் 6 மீட்டர், சுவர் மட்டத்திலிருந்து முகடு 1.5 மீட்டர் உயரம். அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி, பாதியாக்கி, நீளத்தால் பெருக்கினால் 18 கன மீட்டர் வரும். அது உள்ளே இருக்கும் காற்றின் அளவு. ஏசி பார்க்கும்போது அதை அறையின் கன அளவோடு சேர்த்துக்கொள்ளலாம். ராக்வூலுக்கு உதவாது.

ராக்வூல் ஒட்டுவது சரிவில்தான். அதனால் கைமரத்தின் மேல் டேப் பிடித்துச் சரிவு நீளத்தை அளந்துவிடுங்கள். ஏற முடியாவிட்டால் பாதி அகலம் 2, உயரம் 1.5; இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 6.25, அதன் வர்க்கமூலம் 2.5 மீட்டர். இரண்டு சரிவுக்கும் 2 × 2.5 × 6 = 30 சதுர மீட்டர். 50 மி.மீ. தடிமன் என்றால் 30 × 0.05 = 1.5 கன மீட்டர்.

வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டி 33 சதுர மீட்டராக வாங்குங்கள். இரு முனையிலும் உள்ள முக்கோணச் சுவர்களையும் மூடுவதானால் இன்னும் 6 சதுர மீட்டர் சேரும். சுவருக்கு வெளியே நீளும் தாழ்வாரத்தை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம். அப்புறம், இடம் போதவில்லை என்று ராக்வூலை அமுக்கித் திணிக்காதீர்கள். தடிமன் குறைந்தால் வெப்பத்தடுப்பும் குறைந்துவிடும்.