அன்றைக்கே சொல்லாத ஆட்சேபணை: வீட்டுச் சண்டைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கென்று கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து போட்டுவந்த ஆர்.டி. முதிர்ந்திருக்கிறது. அதிலிருந்து 40,000 ரூபாயை எடுத்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, ராத்திரி சாப்பிடும்போதுதான் கணவர் அதைச் சொல்கிறார். மனைவிக்கு அடிவயிற்றில் சுருக்கென்கிறது. ஆனால் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், மகளும் இருக்கிறாள். “சரி, கொடுத்தாச்சுல்ல, பரவாயில்ல” என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றுகிறார். பேச்சு அதோடு முடிந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, “ஆட்டோவுக்கு 180 ரூபாயா? பஸ்ஸில வந்திருக்கலாமே” என்று கணவர் கேட்கிறார். அவ்வளவுதான். “உங்க தம்பிக்குத் தூக்கிக் கொடுக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் பார்த்தீங்களா?” என்று ஆரம்பித்து, மனைவியின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கணவர் எத்தனை தடவை வந்தார் என்பதுவரை எல்லாம் வெளியே வருகிறது. கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது 180 ரூபாய்க்கு இவ்வளவு கோபம் என்பது மட்டும்தான். “அன்னைக்கு நீதானே சரின்னு சொன்ன?” என்கிறார். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் மனைவிக்கு இன்னும் கொதிக்கிறது.

இங்கே நடந்த முதல் தவறு, பேசாமல் விட்டால் விஷயம் ஆறிவிடும் என்று நம்பியது. ஆறு மாதமும் அந்த 40,000 ஒருவர் மனதில் மட்டும்தான் இருந்தது. தம்பி புது போன் வாங்கியபோது, கட்டணத் தேதி வந்தபோது, நாத்தனார் ஏதோ சொன்னபோது என்று ஒவ்வொரு தடவையும் அதோடு ஒரு புது அர்த்தம் சேர்ந்துகொண்டே போனது. ‘கேட்காமல் கொடுத்தார்’ என்பது மெல்ல ‘என்னைக் கேட்கவே மாட்டார்’ என்றாகி, கடைசியில் ‘இந்த வீட்டில் எனக்கு மதிப்பே இல்லை’ என்ற இடத்தில் வந்து நின்றது. நடுவில் கணவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தம்பிக்குச் சம்பளம் வராத மாதம் அது, மார்ச்சுக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்று தெரிந்திருந்தால், அந்த அர்த்தத்தில் பாதி கரைந்திருக்கும். அவருக்குத்தான் விஷயம் இன்னும் முடியவில்லை என்பதே தெரியாதே. அடக்கிய கருத்து வேறுபாடு பலமாகத் திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஒரு தரப்பு மட்டும் விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிடுகிறது, எதிர்த்தரப்புக்கு வழக்கு நடப்பதே தெரிவதில்லை.

உடம்பும் இதற்கு ஒத்துழைப்பதில்லை. ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் 1990-களில், அருவருப்பு உண்டாக்கும் படக்காட்சிகளைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கும்படி சிலரிடம் சொல்லிச் சோதித்தார். வெளியே தெரிவது குறைந்தது, உள்ளே இருந்த உணர்வு குறையவில்லை. உடலின் பதற்றக் குறிகள் சிலவோ கூடவே செய்தன. பிறகு 2003-இல் எமிலி பட்லரும் அவரும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஒருவர் உணர்ச்சியை மறைத்துப் பேசும்போது எதிரே இருப்பவரின் ரத்த அழுத்தமும் ஏறியது. மனைவி முகத்தைச் சாதாரணமாக வைத்திருந்தாலும் வீட்டில் ஏதோ இறுக்கம் இருப்பதைக் கணவர் உணர்ந்துகொண்டுதான் இருப்பார், காரணம்தான் பிடிபடாது. காரணம் தெரியாத இறுக்கம் அவரையும் சிடுசிடுக்க வைக்கும். அந்த ஆட்டோ கேள்வியில்கூட அதில் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இதைக் கேட்டதும் பலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள், ‘அப்படியென்றால் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடணும்’ என்று. இதுவும் தவறுதான். 2002-இல் பிராட் புஷ்மன் செய்த சோதனையில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களின் கோபம் தணியவில்லை, மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது. கொட்டுவது வேறு, எதிர்கொண்டு பேசுவது வேறு. ‘நான் எவ்வளவு புண்பட்டேன் பார்’ என்பதோடு கொட்டுவது நின்றுவிடும். பேசுகிறவர் ‘இனி என்ன மாறணும்’ என்பதுவரை போவார்.

மூன்றாவது ஆளிடம் சொல்லி அனுப்புவதும் அப்படித்தான். “உங்க அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க” என்று நாத்தனாரிடம் சொன்னால், விஷயம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு வாய் மாறியிருக்கும், கணவருக்கு முதலில் உறைப்பது பணம் அல்ல, ‘என்னை வெளியே விட்டுக்கொடுத்துட்டா’ என்பதுதான்.

சரி, அந்த ராத்திரி என்ன செய்திருக்கலாம்? சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஒன்றும் வேண்டியதில்லை. எல்லார் முன்னாலும் பேசினால் இருவருக்கும் மானப் பிரச்சினையாகிவிடும், மாமியார் மகன் பக்கம் ஒரு வார்த்தை சொல்வார், பேச்சே திசைமாறும். ஆனால் ‘பரவாயில்லை’ என்று மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. “இதைப் பத்திக் கொஞ்சம் பேசணும், அப்புறம் பேசலாம்” என்று சொன்னால் போதும். வாக்கும் கொடுக்கவில்லை, சண்டையும் இல்லை. அதற்கப்புறம் ஓரிரு நாளுக்குள், இருவரும் பசியிலும் தூக்கத்திலும் இல்லாத நேரமாகப் பார்த்துத் தனியாக உட்கார வேண்டும்.

எப்படி ஆரம்பிப்பது என்பதில்தான் நிறைய இருக்கிறது. தம்பதிகள் பேசிக்கொள்வதைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்த ஜான் காட்மன், சிபில் கரேர் என்பவரோடு சேர்ந்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் கல்யாணமானவர்களின் வாக்குவாதத்தில் முதல் மூன்று நிமிடத்தை வைத்தே பின்னால் யார் பிரிவார்கள் என்பதை ஓரளவு கணிக்க முடிந்தது. “உங்களுக்கு எப்பவுமே உங்க வீட்டாளுங்கதான் பெருசு” என்று ஆரம்பித்தால் கணவர் தன் குணத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார். “என்னங்க, நாம ரெண்டு பேரும் சேர்த்த பணம், என்னைக் கேட்காம கொடுத்தது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. தம்பிக்குக் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லல. இனிமே 5,000-க்கு மேல போனா முன்னாடியே சொல்லிடுங்க, இந்தப் பணம் எப்ப வரும்னும் கேட்டுச் சொல்லுங்க.” இதில் ஒரே ஒரு சம்பவம்தான் இருக்கிறது, அவருடைய குணத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, அவரால் செய்யக்கூடிய இரண்டு காரியம் இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரி விஷயம் பெரியதாகவே இருக்கலாம், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இரண்டையும் சேர்த்தால் தனக்குப் பதில் தெரிந்த எளிய குற்றச்சாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் வாதாடுவார்.

நடுவில் கணவர் எழுந்து போனால்? நெஞ்சு படபடக்கும்போது, நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும் அளவுக்குப் போய்விட்டால், எதிராளி சொல்வது காதில் ஏறாது என்கிறார் காட்மன். இறங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். அதனால் எழுந்து போவதில் தப்பில்லை, ஒன்றும் சொல்லாமல் போவதில்தான் இருக்கிறது. “இப்ப என்னால முடியல, ஒன்பது மணிக்குப் பேசலாம்” என்று சொல்லிவிட்டு, ஒன்பது மணிக்கு அவரே வந்து உட்கார வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த தடவை அவர் எழும்போதே மனைவி துரத்திக்கொண்டு போவார், அவர் இன்னும் தூரமாக ஓடுவார்.

எல்லாவற்றையும் பேசித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதெல்லாம் மறுநாள் மறந்துவிட்டால் அது அங்கேயே முடிந்தது. மூன்று நாள் கழித்தும் மனதில் அதே வசனம் ஓடுகிறதா, அவரிடம் பேசும் பேச்சு குறைந்திருக்கிறதா, வேறு யாரிடமாவது அதைச் சொல்லியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அது விட்டுக்கொடுத்த விஷயம் இல்லை, தள்ளிப்போட்ட விஷயம்.

இதுவரை சொன்னது எல்லாம் பேசினால் அதிகபட்சம் முகம் சுளிப்பார் என்ற வீட்டுக்குத்தான். வாயைத் திறந்தால் கை ஓங்குவார், மிரட்டுவார் என்றால் அங்கே பேசாமல் இருப்பது தற்காப்பு. ‘தனியாக உட்கார்ந்து பேசிப் பாருங்கள்’ என்று அவர்களிடம் யாரும் சொல்லக் கூடாது. முதலில் நம்பகமான ஒருவருக்கு விஷயம் தெரிய வேண்டும். இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181.