பெஸ்டல் அட்டவணையில் நாடு இருக்கிறது, கடையைக் காணோம்

பெஸ்டல் என்பது ஒரு நிறுவனத்தைப் பாதிக்கும் வெளிக்காரணிகளை அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், சட்டம் என்று ஆறு கட்டங்களில் எழுதும் அட்டவணை. புது நாட்டில் கால் வைக்கப் போகும் நிறுவனங்களுக்காகப் போட்ட அப்படிப்பட்ட அட்டவணைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பலவற்றில் நிறுவனத்தின் பெயரை அடித்துவிட்டு வேறொரு பெயரை எழுதினாலும் அட்டவணை அப்படியே பொருந்தும். அரசியல்: நிலையான ஆட்சி. பொருளாதாரம்: உயரும் வருமானம். சமூகம்: படித்த மக்கள். எதுவும் பொய் இல்லை. ஆனால் சிமெண்ட் விற்பவருக்கும் செருப்பு விற்பவருக்கும் ஒரே வரி என்றால், அதை வைத்து இருவரும் என்ன முடிவெடுப்பார்கள்?

நடந்து முடிந்த ஒரு கதையை வைத்துப் பார்த்தால் தவறு எங்கே என்று தெரியும். அமெரிக்கச் சில்லறைக் கடை நிறுவனமான வால்மார்ட் 1997 இறுதியில் ஜெர்மனிக்குள் நுழைந்தது. முதலில் வெர்ட்காஃப் என்ற குழுமத்தின் 21 கடைகள், மறு ஆண்டு இன்டர்ஸ்பாரின் 74 கடைகள் என வாங்கியது. 2006-ல் மிச்சமிருந்த 85 கடைகளை மெட்ரோ நிறுவனத்திடம் விற்றுவிட்டுக் கிளம்பியது. 1997-ல் அவர்களுக்கு அட்டவணை போடும் வேலை நம்மிடம் வந்திருந்தால்?

வழக்கமாக முதலில் வரும் வரி இது: 'ஐரோப்பாவின் மிகப் பெரிய பொருளாதாரம், சுமார் 8 கோடி மக்கள்.' இது நாட்டைப் பற்றிய தகவல். காரணி ஆக வேண்டுமென்றால், நம் வியாபாரம் நம்பியிருக்கும் ஏதோ ஒன்றை அது தொட வேண்டும். அதனால் அட்டவணையைத் திறக்கும் முன்பே, சொந்த நாட்டில் நாம் எதை நம்பிப் பிழைக்கிறோம் என்று மூன்று நான்கு வரி எழுதிவிடுவது நல்லது. வால்மார்ட்டுக்கு அவை ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்: கடையை நீண்ட நேரம் திறந்து வைக்கலாம், விலையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம், ஊழியர் விதிகளைத் தலைமையகமே எழுதலாம். இவை வீட்டில் யாரும் கேள்வி கேட்காத விஷயங்கள், அதனால்தான் அட்டவணையில் விட்டுப்போகின்றன. நம் ஊரில் இல்லாத ஒரு சட்டத்தைத் தேட வேண்டும் என்றே நமக்குத் தோன்றாது.

முதல் நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் அப்போது கடையடைப்பு நேரத்துக்கென்றே ஒரு சட்டம் இருந்தது. 1996-ல் தளர்த்திய பிறகும் வார நாட்களில் காலை 6 முதல் இரவு 8 வரை, சனிக்கிழமை மாலை 4 வரை, அவ்வளவுதான். ஞாயிறு விடுமுறை. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு அதிகபட்சம் 80 மணி நேரம். 24 மணி நேரமும் திறந்திருக்கும் கடைக்குக் கிடைப்பது 168. ஆக, அதே கட்டடம், அதே குளிர்பதனப் பெட்டிகள், அதே சரக்கு, ஆனால் விற்க நேரம் பாதிகூட இல்லை. 'கடுமையான தொழில் சட்டங்கள்' என்று சட்டக் கட்டத்தில் எழுதினால் இது எதுவும் தெரியாது. 'வாரம் 80 மணிக்கு மேல் திறக்க முடியாது; ஒரு மணி நேரத்துக்கான நிலையான செலவு கூடும்' என்று எழுதினால், நிதித் துறையில் இருப்பவர் உடனே கால்குலேட்டரை எடுப்பார்.

விலை விஷயம் இன்னும் சுவையானது. 1999 ஜனவரியில் ஒரு போட்டிச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. சிறு, நடுத்தரப் போட்டியாளர்களைவிடச் சந்தை வலிமை மிக்க நிறுவனங்கள், தக்க காரணமின்றி, அவ்வப்போது என்றில்லாமல் தொடர்ந்து கொள்முதல் விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்றது அது. 2000-ல் போட்டிச் சட்டத்தைக் கண்காணிக்கும் கார்டெல் அலுவலகம், வால்மார்ட்டும் மலிவு விலைக் கடைகளான ஆல்டி, லிடிலும் பால், வெண்ணெய் போன்ற சில பொருட்களை அப்படி விற்பதை நிறுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. 1997-ல் அட்டவணை போட்டவர் சட்டக் கட்டத்தில் இதைக் கண்டிருக்க முடியாது, சட்டமே அப்போது இல்லை. இங்கேதான் பலர் அரசியலையும் சட்டத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். எந்தக் கட்டத்தில் போடுவது என்று மணிக்கணக்கில் வாதாடுவதும் உண்டு. நான் வைத்திருக்கும் பிரிவு எளிது: இன்று அமலில் இருப்பது சட்டக் கட்டம், யாரோ கேட்டுக்கொண்டிருப்பது, மசோதாவாக நகர்ந்துகொண்டிருப்பது அரசியல் கட்டம். 'நிலையான ஆட்சி' என்பதற்குப் பதில், பெரிய கடைகள் வருவதால் யாருக்கு நஷ்டம், அவர்கள் யாரிடம் முறையிடுவார்கள் என்று அங்கே எழுத வேண்டும்.

சுற்றுச்சூழல் கட்டம் எப்போதும் கடைசியில், சோர்ந்துபோன நேரத்தில் நிரப்பப்படுவது. 'மக்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை அதிகம்' என்று ஒரு வரியோடு முடிந்துவிடும். ஆனால் 1991-லேயே ஜெர்மனியில் பொதியுறை ஆணை ஒன்று இருந்தது. பானங்களில் மறுபடி நிரப்பும் பாட்டில்களின் பங்கு 72 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால், ஒருமுறை பயன்படுத்தும் டின்களுக்கும் பாட்டில்களுக்கும் வைப்புத்தொகை கட்டாயமாகும் என்று அதில் நிபந்தனை வைத்திருந்தார்கள். பங்கு இறங்கியது. 2003 ஜனவரி 1 முதல் டின்னுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை வந்தது, காலி டின்னைத் திருப்பித் தந்தால் அந்தப் பணம் வாங்கியவருக்குத் திரும்பக் கிடைக்கும். கடைக்காரருக்கு இதன் பொருள் என்ன? காலி டின்களைத் திரும்ப வாங்க வேண்டும், அதற்கு இடம் வேண்டும், ஆள் வேண்டும், கணக்கு வேண்டும். இப்படி நிபந்தனையோடு வரும் காரணிகள்தான் அட்டவணையில் மிகவும் பயனுள்ளவை, ஏனென்றால் எந்த எண்ணைக் கண்காணிக்க வேண்டும் என்று அவையே சொல்லிவிடுகின்றன.

அப்புறம், வெளிக்காரணி அல்லாதவை உள்ளே நுழைவது. 'ஆல்டி வலுவான போட்டியாளர்' என்பது உண்மை, ஆனால் அது ஒரு தொழிலில் உள்ள போட்டியை அலசும் போர்ட்டரின் ஐந்து விசைகளில் பார்க்க வேண்டியது. 'நம் மேலாளர்களுக்கு ஜெர்மன் தெரியாது' என்பது நம் பலவீனம், நிறுவனத்தின் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் ஆகியவற்றை எழுதும் ஸ்வாட்டுக்குப் போக வேண்டியது. நாம் அந்த நாட்டுக்குப் போகவே இல்லை, குறிப்பிட்ட அந்தப் போட்டியாளரும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இது அங்கே இருக்குமா என்று கேட்டால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

சில நேரம் ஒரே சம்பவம் இரண்டாகப் பிரியும். வால்மார்ட் தன் ஊழியர் நடத்தை விதிகளை ஜெர்மனிக்குக் கொண்டுபோனது. சக ஊழியர்களின் காதல் உறவுகளைக்கூடக் கட்டுப்படுத்திய விதிகள் அவை. 2005-ல் அங்குள்ள தொழிலாளர் நீதிமன்றம் அவற்றில் பலவற்றை ஏற்கவில்லை. இதில் விதிகள் நம்முடையவை, அதாவது உள்காரணி. இத்தகைய விதிகளுக்கு, ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் ஊழியர் மன்றத்தின் சம்மதம் வேண்டும் என்ற சட்டம் 1972 முதல் அங்கே இருக்கிறது, அது வெளிக்காரணி. பெஸ்டலில் இடம் இரண்டாவதுக்கு மட்டும்தான்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம்: ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைச் சரிபார்த்த தேதியைப் போடாமல் விடுவது. 1997-ல் சரியாக எழுதிய 'சனிக்கிழமை மாலை 4' என்ற வரி 2003-ல் தவறாகிவிட்டது, அந்த ஆண்டு சனிக்கிழமையும் இரவு 8 வரை அனுமதித்தார்கள். 2006 செப்டம்பரில் கடை நேரத்தை முடிவு செய்யும் அதிகாரமே மத்திய அரசிடமிருந்து மாநிலங்களுக்குப் போனது. வால்மார்ட் வெளியேறும் முடிவை அறிவித்தது அதே ஆண்டு ஜூலையில்.