யோகா மேட் லிஸ்டிங் எழுதுவது எப்படி: தடிமன், பிடிமானம், தரை, எடை வரம்பு

யோகா மேட்டைத் திருப்பி அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணங்கள் இரண்டு. "நினைத்ததைவிட மெல்லிசாக இருக்கிறது" என்பது ஒன்று, "வழுக்குகிறது" என்பது இன்னொன்று. வாங்குகிறவர் கையால் தொட்டுப் பார்க்க முடியாத விஷயங்கள் இவை. அதனால் ஆன்லைனில் விற்க லிஸ்டிங், அதாவது பொருளின் விவரக் குறிப்பு, எழுத உட்காரும் முன் அவருக்காக நீங்கள்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். தேவையானவை ஒரு ஸ்டீல் ஸ்கேல், சமையலறைத் தராசு, நன்றாகத் துடைத்த தரை.

படி 1: தடிமனை நீங்களே அளந்து பாருங்கள்

பெட்டியில் 6 மி.மீ. என்று அச்சடித்திருக்கும். அதை அப்படியே எடுத்து எழுத வேண்டாம். ஃபோம் அழுத்தினால் அமுங்கும் என்பதால் ஒற்றை அடுக்கை அளப்பதும் சரிவராது. சுருளைப் பிரித்து ஒரு நாள் விரித்து வையுங்கள். அப்புறம் நாலாக மடித்து, மேலே ஒரு கெட்டி அட்டை நோட்டை அழுத்தாமல் வைத்து, மடிப்பு இல்லாத ஓரத்தில் உயரத்தை அளந்து நாலால் வகுங்கள். 24 மி.மீ. வந்தால் 6. 21 தான் வருகிறதென்றால் அது 5 மி.மீ. மேட், 5 என்றே எழுதுங்கள். மேற்பரப்பில் புடைத்து நிற்கும் வரிகளையும் சேர்த்துக் கணக்குச் சொல்லும் சப்ளையர்கள் உண்டு.

எண்ணை மட்டும் எழுதினால் புதிதாக வாங்குகிறவருக்குப் புரியாது. அது யாருக்கு என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். 3, 4 மி.மீ. மேட்டில் கால் தரையில் ஊன்றி நிற்கும். முட்டி வலி உள்ளவர்களுக்கு உறுத்தும். 6 மி.மீ. வீட்டில் பலரும் பலவிதமாகப் பயன்படுத்தத் தோதானது. 10 மி.மீ.க்கு மேல் போனால் படுத்துச் செய்யும் பயிற்சிகளுக்குச் சுகம், ஆனால் விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்போது பாதம் அமுங்கி உடல் ஆடும். தடிமன் கூடினால் தரமும் கூடும் என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். இந்த ஒரு வரி அவர்களுக்குப் பெரிய உதவி.

படி 2: தராசில் போட்டுப் பொருளை உறுதி செய்யுங்கள்

டிபிஇ, இவிஏ, என்பிஆர், பிவிசி, இயற்கை ரப்பர் என்று பல பொருட்களில் மேட் வருகிறது. இவிஏ மலிவு. அதையே டிபிஇ என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும், எடைதான் காட்டிக்கொடுக்கும்.

ஒரு மேட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 183 செ.மீ., அகலம் 61 செ.மீ., தடிமன் 0.6 செ.மீ. மூன்றையும் பெருக்கினால் சுமார் 6,700 கன செ.மீ. இந்த அளவுள்ள டிபிஇ மேட் பொதுவாக 800 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும். தராசு 560 கிராம் காட்டினால், அது இவிஏவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சப்ளையரிடம் பொருள் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வரும்வரை டிபிஇ என்று போடாதீர்கள்.

பையும் பட்டையும் இல்லாமல் மேட்டின் எடையைத் தனியாக லிஸ்டிங்கில் கொடுங்கள். வகுப்புக்குத் தூக்கிப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். இயற்கை ரப்பர் மேட் என்றால் கனமாக இருக்கும், முதல் சில வாரம் ரப்பர் வாசனை வரும், லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. மூன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

படி 3: பிடிமானத்தைத் தரையோடு சேர்த்து எழுதுங்கள்

"ஆன்டி-ஸ்லிப்" என்ற சொல்லை மட்டும் போட்டால் எதுவும் சொன்னதாகாது. மேட்டுக்கு இரண்டு பிடிமானம் உண்டு. மேலே கைக்கும் மேட்டுக்கும், கீழே மேட்டுக்கும் தரைக்கும். இரண்டும் தனித்தனியாகத் தவறலாம்.

சோதனை எளிது. துடைத்த விட்ரிஃபைட் டைல்ஸ் மீது மேட்டை விரித்து, கையையும் காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனத்தில் நில்லுங்கள். முதலில் உலர்ந்த கையோடு, அப்புறம் உள்ளங்கையை ஈரத்துணியில் ஒற்றிவிட்டு. கை முன்னால் சறுக்குகிறதா, மேட்டே நகர்கிறதா, நடுவில் சுருங்கி மேலெழும்புகிறதா என்று கவனியுங்கள். பிறகு துடைக்காத தரையிலும் ஒருமுறை செய்யுங்கள். வழுக்குகிறது என்று வரும் புகார் சிலவற்றில் மேட் குற்றவாளியே அல்ல, அடியில் இருக்கும் தூசுதான்.

பார்த்ததை இப்படி எழுதலாம்:

"துடைத்த டைல்ஸ், மொசைக், கிரானைட் தரையில் நகராது. விரிக்கும் முன் தரைத் தூசைத் துடைக்கவும். உள்ளங்கை அதிகம் வியர்ப்பவர்கள் மேலே ஒரு பருத்தித் துண்டு போட்டுக்கொள்ளவும். கார்ப்பெட் மீது விரித்தால் சுருங்கி நகரும். தட்டோடு பதித்த மொட்டை மாடிக்கு ஏற்றதல்ல. சொரசொரப்பில் அடிப்பக்கம் கிழியும், வெயிலில் மேட் சுருங்கும்."

எதற்கு ஆகாது என்று எழுதினால் விற்பனை குறையும் என்று பயப்படுகிறார்கள். மொட்டை மாடியில் செய்யப்போகிறவர் இதை வாங்கினால் எப்படியும் திருப்பித்தான் அனுப்புவார். அடிப்பக்கம் ரப்பராக இருந்தால், வினைல் தரையில் நாள்கணக்கில் விரித்தே வைத்தால் கறை படியலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

படி 4: எடை வரம்பு எதன் வரம்பு என்று கேளுங்கள்

யோகா மேட்டுக்கு எடை வரம்பு கிடையாது. "150 கிலோ தாங்கும்" என்று சிலர் போடுகிறார்கள். அது அர்த்தமில்லாத வரி, எடுத்துவிடுங்கள். ஆனால் மேட்டோடு சேர்த்துப் பலர் விற்கும், கதவு நிலையில் பொருத்தித் தொங்கும் கம்பியான புல்-அப் பாருக்கு இந்த எண்தான் உயிர்நாடி.

பெட்டியில் 200 கிலோ என்று இருக்கிறதென்று வையுங்கள். அது பெரும்பாலும் அசையாத எடையைத் தொங்கவிட்டால் கம்பி தாங்கும் அளவு. திருகி இறுக்கும் வகைப் பாரில் கம்பியைப் பிடித்து நிறுத்துவது இருபுறமும் உள்ள ரப்பர் முனைகளின் உராய்வுதான். கம்பி வளையாவிட்டாலும் முனை நழுவினால் ஆள் கீழே விழுவார். கம்பியை நீட்ட நீட்ட உள்குழாய் வெளியே வந்து வளைவும் கூடும். அதனால் சப்ளையரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த எண் அசையாத எடைக்கா, பயிற்சி செய்யும் ஆளுக்கா? எந்த நீளத்தில் சோதித்தது? எந்தச் சுவரில்? பதில் இல்லையென்றால் 200 என்ற எண்ணை லிஸ்டிங்கில் ஏற்றாதீர்கள்.

பதில் வந்தால் எண்ணோடு நிபந்தனைகளையும் எழுதுங்கள்: பயனரின் அதிகபட்ச உடல் எடை, எத்தனை செ.மீ. அகல நிலைவரை, கெட்டியான மர நிலைக்கும் பூசிய செங்கல் சுவருக்கும் மட்டும், டைல்ஸ் ஒட்டிய சுவருக்கும் ஜிப்சம் தடுப்புக்கும் கூடாது, ஊஞ்சல்போல் ஆடக்கூடாது, ஒவ்வொரு முறையும் தொங்குவதற்கு முன் இறுக்கம் பார்க்கவும்.

படி 5: தலைப்பும் படமும்

தலைப்பில் பொருள், தடிமன், அளவு என்ற வரிசை போதும்: "டிபிஇ யோகா மேட், 6 மி.மீ., 183 × 61 செ.மீ., தோளில் மாட்டும் பட்டையுடன்". அங்குலத்தை மட்டும் போடாமல் செ.மீ. கட்டாயம் கொடுங்கள். எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர் முகவரி, எந்த நாட்டில் தயாரானது ஆகியவற்றை ஆன்லைன் லிஸ்டிங்கிலும் காட்ட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் சொல்கின்றன. லிஸ்டிங்கில் அவற்றுக்கான கட்டங்களைக் காலியாக விடாதீர்கள்.

படங்களில் ஒன்று மேட்டின் ஓரத்தை ஸ்கேலோடு அருகில் காட்டட்டும். சுருளாக நிற்கும் மேட்டைக் கீழிருந்து எடுத்தால் இருமடங்கு தடியாகத் தெரியும். அந்தப் படத்தை முதல் படமாக வைக்காதீர்கள். விரித்த மேட்டில் ஒருவர் நிற்கும் படத்தை வையுங்கள், பாதம் எவ்வளவு அமுங்குகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.